வாஃபிளா, டர்க்கியா? துண்டின் ஈரக் கணக்கு

துண்டு வாங்கக் கடைக்குப் போனால் இப்போது இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. ஒரு பக்கம் வளையம் வளையமாக நூல் எழுந்து நிற்கும் டர்க்கி டவல். இன்னொரு பக்கம் சிறு சிறு சதுரக் குழிகளோடு மெலிதாக மடிந்திருக்கும் வாஃபிள் டவல். எதை எடுப்பது என்று கேட்டால், "வாஃபிள் சீக்கிரம் காயும், டர்க்கி நல்லா உறிஞ்சும்" என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். இரண்டும் உண்மைதான். ஆனால் காரணம் நெசவில் இருக்கிறதா, துண்டின் எடையில் இருக்கிறதா என்பதை அந்த வாக்கியம் சொல்வதில்லை. அது தெரியாமல் வாங்குகிறவர்கள்தான் கனமான வாஃபிள் துண்டை வாங்கிவிட்டு ஏன் காயவில்லை என்றும், மெலிந்த டர்க்கித் துண்டை வாங்கிவிட்டு ஏன் உறிஞ்சவில்லை என்றும் குழம்புகிறார்கள். ஒரு துண்டு காயும் நேரத்தை முதலில் தீர்மானிப்பது அதில் எவ்வளவு பருத்தி இருக்கிறது என்பது. நெசவு அதற்கு அடுத்துதான் வருகிறது. நெசவின் உண்மையான வேலை வேறு: எவ்வளவு குறைந்த பருத்தியை வைத்துக்கொண்டு ஒரு துணி உடம்பைத் துவட்டும் என்பதை அது முடிவு செய்கிறது.

தறியில் நடப்பது

டர்க்கித் துண்டை நெய்யும் தறியில் இரண்டு பாவு உருளைகள் உண்டு. ஒன்றிலிருந்து வரும் அடிப்பாவு விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மற்றொன்றிலிருந்து வரும் வளையப்பாவு தளர்வாக விடப்பட்டிருக்கும். ஊடை நூல் ஒவ்வொரு முறை குறுக்கே போனதும் அச்சு முன்னால் வந்து அதை நெய்த துணியோடு சேர்த்து அடிப்பது வழக்கமான நெசவு. இங்கே முதல் இரண்டு ஊடைகளை அச்சு முழுவதும் தள்ளாது. துணியின் விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் முன்னதாகவே நிறுத்திவிடும். மூன்றாவது ஊடை போனதும் மூன்றையும் சேர்த்து ஒரே அடியாக விளிம்புவரை அடிக்கும். விறைப்பான அடிப்பாவின் மேல் அந்த மூன்று ஊடைகளும் வழுக்கிக்கொண்டு போகும். தளர்வான வளையப்பாவு அவற்றின் பிடியில் சிக்கி, கூடவே இழுபட்டு, போக இடமில்லாமல் மேலும் கீழும் வளையமாக எழும். விட்ட இடைவெளி எவ்வளவோ அதற்கேற்ப வளையத்தின் உயரம் அமையும்.

துருக்கியின் பர்சா நகரத்தில் கையால் நெய்யப்பட்ட இந்த வளையத் துணியைப் பார்த்து இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றவர் ஹென்றி கிறிஸ்டி. அதை இயந்திரத் தறியில் நெய்ய வழி கண்டவர் சாமுவேல் ஹோல்ட். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் இயந்திரத்தில் நெய்த டர்க்கித் துண்டு வைக்கப்பட்டது. நம் வீடுகளில் அது இன்றும் டர்க்கி டவலாகவே இருப்பது இந்த வழியில்தான். இந்தியாவில் சோலாப்பூரின் டர்க்கித் துண்டுக்குப் புவிசார் குறியீடே உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வளையம் எந்த இடத்திலும் முடிச்சுப் போடப்படுவதில்லை. மூன்று ஊடைகளின் உராய்வு மட்டுமே அதைப் பிடித்துவைத்திருக்கிறது. கொக்கியோ நகமோ ஒரு வளையத்தை இழுத்தால் அந்தப் பாவு நெடுக அடுத்தடுத்த வளையங்களும் உருவிக்கொண்டு வருவதற்கு இதுதான் காரணம். நீண்டுவிட்ட நூலை இழுக்காமல் கத்தரிக்கோலால் தரைமட்டத்தில் வெட்டிவிட்டால் துண்டுக்கு ஒன்றும் ஆகாது.

வாஃபிள் துண்டுக்கு இரண்டாவது உருளை வேண்டாம். ஒரே பாவு, ஒரே ஊடை. தேன்கூட்டு நெசவு என்று நெசவாளர்கள் சொல்லும் இந்த முறையில், சில இடங்களில் நூல்கள் ஒன்று மேல் ஒன்று கீழ் என்று நெருக்கமாகப் பின்னும். சில இடங்களில் ஐந்தாறு நூல்களைப் பின்னாமல் தாண்டி மிதந்து போகும். பாவும் மிதக்கும், ஊடையும் மிதக்கும். தறியில் இழுத்துக் கட்டியிருக்கும்வரை துணி ஏறத்தாழத் தட்டையாகவே தெரியும். தறியிலிருந்து இறக்கி வெந்நீரில் நனைத்ததும்தான் மாற்றம். பிடிமானம் இல்லாத மிதவை நூல்கள் நன்றாகச் சுருங்கும். நெருக்கமாகப் பின்னிய இடம் அவ்வளவு சுருங்க முடியாது. அதனால் நீண்ட மிதவைகள் இருக்கும் இடம் வரப்பாக எழும், நெருக்கமான பின்னல் குழியின் அடியில் தங்கும். முட்டை அடுக்கும் அட்டையைப் போல இருபுறமும் மேடும் பள்ளமுமாகிவிடும்.

ஆக, வாஃபிள் துண்டின் தடிமன் கூடுதல் நூலால் வருவதல்ல. இருக்கும் நூலே வளைந்து எழுவதால் வருவது. டர்க்கியில் தடிமனுக்கென்றே தனியாக ஒரு பாவு செலவாகிறது. எடை வித்தியாசத்தின் வேர் இதுவே. கரூரின் வீட்டு ஜவுளி ஆலைகளில் ஏற்றுமதிக்கு நெய்யப்படும் சமையலறைத் துண்டுகளில் வாஃபிள் நெசவு வெகுகாலமாக இருக்கிறது. பாத்திரம் துடைக்கும் துணி கனமாக இருக்கக்கூடாது, அதே சமயம் தண்ணீரை வாங்கவும் வேண்டும் என்பதால் அந்த நெசவு அங்கே பொருந்தியது. 

எடை என்ற எண்

துண்டின் எடையை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்வார்கள். ஜி.எஸ்.எம். என்று லேபிளில் போடுவது அதைத்தான். டர்க்கியில் 300 முதல் 400 வரை மெலிது, 400 முதல் 600 வரை நடுத்தரம், அதற்கு மேல் ஓட்டல் அறைகளில் கிடைக்கும் கனம். வாஃபிள் பெரும்பாலும் 200க்கும் 350க்கும் இடையில் இருக்கும். வழக்கமான 70 சென்டிமீட்டர் அகலம், 140 சென்டிமீட்டர் நீளத் துண்டு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். அதனால் 500 ஜி.எஸ்.எம். டர்க்கி என்றால் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, அதாவது 490 கிராம். 250 ஜி.எஸ்.எம். வாஃபிள் என்றால் 245 கிராம். இந்த இரண்டையும் வைத்தே மற்றக் கணக்குகளைப் போடுகிறேன்.

வாஃபிளில் இந்த எண் ஏமாற்றும். துவைக்காத துண்டு 75க்கு 150 சென்டிமீட்டர், 220 ஜி.எஸ்.எம். என்று வைத்துக்கொள்வோம். முதல் துவைப்பில் இருபுறமும் பத்து சதவீதம் சுருங்கினால் அது 67.5க்கு 135 ஆகிவிடும். பரப்பு 1.125 சதுர மீட்டரிலிருந்து 0.91க்கு இறங்கும். நூல் அதேதான், பரப்புதான் குறைந்தது, ஆகவே ஜி.எஸ்.எம். 270ஐத் தாண்டும். டர்க்கியும் சுருங்கும், ஆனால் வாஃபிள் சுருங்குவதில்தான் அதன் உருவமே இருக்கிறது. எனவே வாஃபிள் வாங்கும்போது துவைத்துச் சுருக்கி முடித்த துணியா என்று கேட்பது அவசியம். இல்லையென்றால் ஒரு அளவு பெரியதாக எடுக்க வேண்டும். விளிம்பில் மடித்துத் தைத்த தட்டை நெசவுப் பட்டை நடுப்பகுதி அளவுக்குச் சுருங்காது. அதனால் ஓரம் அலையலையாக நெளியும். அது தையல் குறை அல்ல.

உடம்பில் எவ்வளவு தண்ணீர்?

உறிஞ்சும் திறனைப் பற்றிய பேச்சில் எல்லோரும் தாண்டிப்போகும் கேள்வி இது. குளித்து முடித்த உடம்பில் துண்டுக்கு எவ்வளவு வேலை இருக்கிறது? உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1926இல் எழுதிய ஒரு கட்டுரையில், குளித்து எழும் மனிதன் ஏறத்தாழ ஒரு பவுண்டு தண்ணீரைச் சுமந்துகொண்டு வருகிறான் என்று கணக்கிட்டார். அது தொட்டியிலிருந்து எழுந்த நொடிக்கான கணக்கு. நாம் வாளியில் மொண்டு குளித்து, கையால் உடம்பை வழித்து, முடியைப் பிழிந்த பிறகுதான் துண்டை எடுக்கிறோம். வளர்ந்த ஒருவரின் தோல் பரப்பு சுமார் 1.8 சதுர மீட்டர். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுக்கு நீர் ஒட்டியிருந்தால் 180 கிராம். நீளமான கூந்தல் என்றால் இதற்கு மேல். கணக்குக்கு 180 என்றே கொள்ளலாம்.

நனைத்துத் தூக்கி, சொட்டு நிற்கும்வரை தொங்கவிட்டு நிறுத்தால் பருத்தித் துண்டு தன் எடையைப் போலச் சில மடங்கு தண்ணீரைப் பிடித்திருக்கும். 245 கிராம் வாஃபிளுக்குக்கூட அப்படி அரைக் கிலோவுக்கு மேல் கொள்ளளவு உண்டு. அதற்கு முன்னால் 180 கிராம் ஒன்றுமில்லை. ஆகவே எது அதிகத் தண்ணீரைக் கொள்ளும் என்ற கேள்வி ஒருவர் ஒரு முறை துவட்டுவதற்குப் பொருந்தவே பொருந்தாது. இரண்டும் தாராளமாகப் போதும். வித்தியாசம் தெரியும் இடங்கள் இரண்டு: எவ்வளவு வேகமாக வாங்குகிறது, வாங்கிய பிறகு தொட்டால் எவ்வளவு ஈரமாகத் தெரிகிறது.

வேகத்தில் டர்க்கிக்கு இயல்பான சாதகம் உண்டு. முறுக்குக் குறைந்த வளைய நூல் தோலில் ஆயிரக்கணக்கான இடங்களில் தொடுகிறது. தொட்ட இடத்திலெல்லாம் நுண்துளை ஈர்ப்பால் தண்ணீர் இழைகளுக்கு இடையில் ஏறிவிடும். அழுத்த வேண்டியதில்லை, மேலே போட்டாலே போதும். வாஃபிளில் வரப்புகள் மட்டுமே தோலைத் தொடும். குழியின் அடி தொடுவதற்கு ஒற்றி அழுத்த வேண்டும். அதனால்தான் வாஃபிள் துண்டால் வேகமாகத் தேய்த்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போவதாகத் தோன்றும். ஒற்றி எடுத்தால் சுத்தமாக வாங்கும். பழக்கத்தை மாற்றாமல் துண்டை மட்டும் மாற்றியவர்கள் வாஃபிளைக் குறை சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தொட்டால் தெரியும் ஈரத்திலும் டர்க்கிக்கே வெற்றி. 180 கிராம் தண்ணீர் 490 கிராம் டர்க்கியில் இறங்கினால் அதன் எடையில் 37 சதவீதம். 245 கிராம் வாஃபிளில் இறங்கினால் 73 சதவீதம். ஒரே துண்டால் இரண்டு குழந்தைகளை அடுத்தடுத்துத் துவட்ட வேண்டிய வீட்டில் இரண்டாவது குழந்தைக்கு வாஃபிள் துண்டு சில்லென்று இருக்கும், டர்க்கி அப்படி இருக்காது.

நெசவு எதுவானாலும் புதுத் துண்டு தண்ணீரை ஒட்டவிடாமல் இருக்கலாம். கடையில் மெத்தென்று இருக்க வேண்டும் என்பதற்காக ஆலையில் கடைசியாக ஏற்றும் சிலிக்கோன் மென்மையூட்டி இதற்குக் காரணம். சரியாக வேகவைத்துக் கழுவாத துணியில் பருத்தியின் இயற்கை மெழுகும் மிஞ்சியிருக்கும். கண்டுபிடிப்பது எளிது. துண்டைத் தட்டையாக விரித்து, விரல் தடிமன் உயரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை விட வேண்டும். மினுமினுப்பு மறையும்வரை நொடிகளை எண்ண வேண்டும். ஐந்து நொடிக்குள் மறைந்தால் நல்ல துண்டு. முத்தாக உருண்டு நின்றால் மேலே பூச்சு இருக்கிறது. ஜப்பானில் துண்டு நெசவுக்குப் பேர்போன இமாபாரி நகரத்தின் தர முத்திரை பெறவும் ஐந்து நொடிதான் கணக்கு: துண்டில் வெட்டிய துணுக்கைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது ஐந்து நொடிக்குள் மூழ்க வேண்டும். அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். வகுத்த டி 4772 என்ற முறை வேறு கோணத்தில் பார்க்கிறது. சாய்வாக மாட்டிய டர்க்கித் துணியின் மேல் 50 மில்லிலிட்டர் தண்ணீரை ஓடவிட்டு, எவ்வளவு வழிந்து போகாமல் துணியில் தங்கியது என்று அளக்கிறார்கள். உடம்பில் வழியும் தண்ணீரைத் துண்டு பிடிப்பதற்கு இதுவே நெருக்கமான சோதனை என்பது என் கருத்து.

காயும் கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஈரத் துணி காய்வது இரண்டு கட்டங்களில் நடக்கிறது. நூல்களுக்கும் இழைகளுக்கும் இடையில் தளர்வாக நிற்கும் தண்ணீர் இருக்கும்வரை அது மேற்பரப்புக்கு ஊறிவந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். இந்தக் கட்டத்தில் வேகம் துணியைப் பொறுத்ததல்ல. காற்றின் வெப்பம், ஈரப்பதம், ஓட்டம் ஆகியவற்றையும் விரித்த பரப்பையும் பொறுத்தது. டர்க்கியோ வாஃபிளோ, ஒரே அறையில் ஒரே பரப்பு விரித்திருந்தால் ஒரு மணிக்கு ஏறத்தாழ ஒரே அளவுதான் போகும். 30 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம், மின்விசிறி இல்லாத அறை. ஒரு சதுர மீட்டர் துணி இருபுறமும் காற்றுப்படத் தொங்குகிறது என்றால் கணக்குப்படி மணிக்கு ஏறத்தாழ 150 கிராம் ஆவியாகும். அதே வெப்பத்தில் ஈரப்பதம் 85 ஆனால் அது 60 கிராம் அளவுக்கு விழுந்துவிடும். சென்னையின் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் என்றால் இந்த இரண்டாவது எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தளர்ந்த நீர் தீர்ந்ததும் இரண்டாம் கட்டம். பருத்தி இழையின் உள்ளேயே, அதன் சுவரோடு பிணைந்து, இழை எடையில் ஏறத்தாழ 25 சதவீதம்வரை தண்ணீர் தங்க முடியும். இது எளிதில் விடாது. ஈரம் குறையக் குறைய வேகமும் குறைந்துகொண்டே போகும். முழுக்க வெளியேறுவதும் இல்லை: 65 சதவீத ஈரப்பதத்தில் "காய்ந்த" பருத்தியிலும் ஏழெட்டு சதவீதம் தண்ணீர் எப்போதும் இருக்கும்.

நம் இரண்டு துண்டுகளையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். காய்ந்த நிலையில் எட்டு சதவீதம் ஈரத்தோடு இருந்த டர்க்கி, உடம்பிலிருந்து 180 கிராமை வாங்கியதும் 45 சதவீதத்துக்கு ஏறும். 45லிருந்து 25வரை உள்ள தளர்ந்த நீர் 98 கிராம். 25லிருந்து மறுபடி எட்டுக்கு இறங்க வேண்டிய பிடிவாதமான நீர் 83 கிராம். வாஃபிளோ 81 சதவீதத்துக்கு ஏறும். அதில் தளர்ந்த நீர் 138 கிராம், பிடிவாத நீர் 42 கிராம்தான். இரண்டும் வாங்கியது ஒரே தண்ணீர். ஆனால் டர்க்கி அதில் கிட்டத்தட்டப் பாதியை இழைக்குள் வைத்துக்கொள்கிறது. வாஃபிள் கால்பங்குக்குக் குறைவாகவே வைத்துக்கொள்கிறது. துவட்டியதும் டர்க்கி உலர்ந்தாற்போலத் தெரிவதற்கும், மாலையில் தொட்டால் இன்னும் பிசுபிசுவென்று இருப்பதற்கும் ஒரே காரணம்தான். எந்தப் பருத்தி அதிகம் இருந்து ஈரத்தை மறைத்ததோ அதே பருத்திதான் ஈரத்தை விடாமலும் வைத்திருக்கிறது.

இந்தக் கணக்கில் நெசவு எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வந்தது எடை மட்டும்தான். 350 ஜி.எஸ்.எம். டர்க்கியையும் 350 ஜி.எஸ்.எம். வாஃபிளையும் விரித்துப் போட்டால் பிடிவாத நீர் இரண்டிலும் ஒன்றுதான். நம் ஊர் ஈரிழைத் துண்டு இந்த இரண்டையும்விடச் சீக்கிரம் காய்வதும் இதே காரணத்தால். அதில் வளையமும் இல்லை, குழியும் இல்லை, பருத்தியே குறைவு. ஆனால் அந்த மெலிந்த துண்டு ஒருவரைத் துவட்டியதும் தொப்பென்று நனைந்துவிடும். வாஃபிளின் சிறப்பு, ஈரிழைத் துண்டுக்கும் கனத்த டர்க்கிக்கும் நடுவில் ஒரு எடையில் நின்று, ஒரு ஆளுக்குத் தேவையான தண்ணீரை வாங்கவும் செய்வது. டர்க்கியை அந்த எடைக்கு இறக்கினால் வளையங்கள் குட்டையாகி, இடையே அடித்துணி தெரிய ஆரம்பிக்கும்; டர்க்கிக்கான சாதகமே போய்விடும்.

வாஃபிள் குழிகள் மேற்பரப்பைக் கூட்டுவதால்தான் சீக்கிரம் காய்கிறது என்றும் ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. காற்று அசையாத அறையில் இது பெரிதாக உதவாது. தொங்கும் துணியை ஒட்டிச் சில மில்லிமீட்டர் தடிமனுக்கு ஈரக் காற்று ஒரு போர்வையாக நிற்கும். குழியின் ஆழம் அந்தப் போர்வைக்குள்ளேயே அடங்கிவிடும். விசிறியோ காற்றோ அந்தப் போர்வையைக் கிழித்து மெலிதாக்கும்போதுதான் குழிகளுக்குப் பயன் வரும். ஆனால் குழிகள் வேறொரு வகையில் நிச்சயம் உதவுகின்றன. நாம் யாரும் துண்டைச் சோதனைக்கூடத்தில் போல விரித்துப் போடுவதில்லை. கம்பியில் இரண்டாக மடித்துப் போடுகிறோம், கதவின் பின்னால் கொக்கியில் மாட்டுகிறோம். டர்க்கியை மடித்தால் உள்பக்க வளையங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு காற்றே புகாத திண்டாகிவிடும். ஆவியாகும் பரப்பு பாதியாகிவிடும். வாஃபிளை மடித்தால் வரப்பு வரப்பின் மேல் உட்கார்ந்து, குழிகள் காற்றுப் போகும் இடுக்குகளாக மிஞ்சும். காய்வதில் நெசவின் உண்மையான பங்கு இந்த மடிப்புக்குள்தான் இருக்கிறது.

மழைக்காலத்துச் சிறு குளியலறையை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிராம் என்றால், முழுவதும் விரித்திருந்தாலே 180 கிராமுக்கு மூன்று மணி நேரம், அதற்கு மேல் பிடிவாத நீரின் தாமதம். டர்க்கியை மடித்துப் போட்டால் தளர்ந்த நீர் போகவே மூன்று மணிக்கு மேல் ஆகும். மிச்சம் மறுநாள் காலைவரை இழுக்கும். அந்த ஈரப்பதத்தில் பருத்தி "காய்ந்த" பிறகும் 12 சதவீதம் அளவுக்கு ஈரத்தோடு நிற்கும். டர்க்கியில் அது 60 கிராம் தண்ணீர். அடுத்த குளியல் அதன் மேல் வந்து விழும். ஒரு வாரத்தில் துண்டு நாறுவதற்கு இவ்வளவு போதும். ஈரத் துணி வாடைக்கு முக்கியக் காரணமான பாக்டீரியாவை 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள்: மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ். துவைத்த பிறகும் துணியில் தங்கி, உலர்வதைத் தாங்கி, ஈரம் திரும்பியதும் தன் வேலையைத் தொடங்கும் கிருமி அது. எத்தனை மணி நேரம் துணி ஈரமாக இருந்தது என்பதுதான் இங்கே கணக்கு. சோப்பின் மணம் அதை மாற்றாது.

துவைத்த நாளில் வித்தியாசம் இன்னும் வெளிப்படையானது. கையால் பிழிந்த பருத்தித் துணி ஏறத்தாழ தன் எடை அளவு தண்ணீரோடுதான் கொடிக்குப் போகும். டர்க்கி 490 கிராமும் வாஃபிள் 245 கிராமும் சுமக்கும். முதல் அறையின் கணக்கில் ஒன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், மற்றதற்கு ஒன்றரை மணிக்குச் சற்று அதிகம். மழைக்கால அறையில் எட்டு மணியும் நான்கு மணியும். வேகமாகச் சுழற்றிப் பிழியும் இயந்திரம் இருந்தால் எடுத்துச் செல்லும் தண்ணீர் பாதியாகும், நேரமும் பாதியாகும். உலர்த்தும் இயந்திரம் உள்ள வீட்டுக்கு இந்த வித்தியாசம் மின்கட்டணமாக மாறும்; கொடியை நம்பும் வீட்டுக்கு அது இடநெருக்கடியாக மாறும்.

கொடியில் காய்ந்த துண்டு விறைப்பதைப் பற்றியும் ஒரு சொல். காவோ நிறுவனமும் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, இழைகளின் மேற்பரப்பில் பிணைந்து தங்கும் நீரே அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி விறைக்கச் செய்கிறது என்று காட்டியது. டர்க்கியில் இது நன்றாகத் தெரியும், ஏனென்றால் தோலில் படுவது வளையங்கள். காயப்போடும் முன்பும் காய்ந்த பிறகும் ஓங்கி உதறினால் ஒட்டிய வளையங்கள் பிரிந்துவிடும். வாஃபிளில் வரப்புகள் வளைந்து கொடுப்பதால் விறைப்பு அவ்வளவு உறுத்தாது. விறைப்புக்குப் பயந்து துவைக்கும்போதெல்லாம் துணி மென்மையூட்டி ஊற்றுவதுதான் பெரிய தவறு. அது இழையின் மேல் கொழுப்புப் படலமாகப் படிந்து, மேலே சொன்ன சொட்டுச் சோதனையில் துண்டைத் தோற்கவைத்துவிடும். ஆழ்குழாய்க் கடினநீரும் சோப்பும் சேர்ந்து விடும் படிவமும் அதையே செய்யும். வெந்நீரில் சலவைச் சோடா போட்டு ஊறவைத்து, கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் சேர்த்தால் இரண்டு மூன்று துவைப்பில் உறிஞ்சுதல் திரும்பும். வாஃபிளை மட்டும் இஸ்திரி போடக்கூடாது. அழுத்தித் தேய்த்தால் வரப்புகள் படுத்துவிடும், மறுபடி வெந்நீரில் நனைத்தால்தான் எழும்.

எதை வாங்குவது என்று என்னைக் கேட்டால், ஜன்னல் சிறிதான குளியலறை, கொடிக்கு இடமில்லாத அடுக்குமாடி, விடுதி அறை, அடிக்கடிப் பயணம் ஆகியவற்றுக்கு 250 அளவில் வாஃபிள். நீளமான கூந்தலுக்கும், ஊட்டி போல நனைந்த துண்டு உடம்பில் பட்டாலே நடுங்கும் இடங்களுக்கும், ஒரு துண்டைப் பலமுறை பயன்படுத்தும் குழந்தைகள் வீட்டுக்கும் டர்க்கி. ஆனால் 400ஐத் தாண்ட வேண்டியதில்லை. 600, 700 ஜி.எஸ்.எம். டர்க்கி, உலர்த்தும் இயந்திரத்தோடு தினமும் துவைக்கும் ஓட்டலுக்கு நெய்யப்பட்டது. நம் ஊர்க் கொடியில் அது மழைமாதம் முழுவதும் முழுதாகக் காயாமலே கிடக்கும்.

வீட்டில் இருக்கும் இரண்டு துண்டுகளை ஒப்பிட ஒரு சமையலறைத் தராசு போதும். இரண்டையும் மூன்று முறை துவைத்துப் பூச்சுப் போன பிறகு, ஒரே காலையில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். குளித்ததும் ஒன்றை நிறுத்தால் உடம்பிலிருந்து எவ்வளவு வாங்கியது என்பது தெரியும். அதே அளவு தண்ணீரை இரண்டாவது துண்டில் தெளித்து, இரண்டையும் ஒரே இடத்தில் முழுவதும் விரித்துப் போட்டு, மணிக்கு ஒரு முறை நிறுத்துப் பார்க்கலாம். தொடக்கத்தில் இரண்டின் எடையும் அருகருகே இறங்கும். பிரிவது கடைசியில்தான். எடை பழைய குறிப்புக்குப் பத்து கிராம் அருகில் வந்தால் காய்ந்ததாகக் கொள்ளலாம். வெயில் நாளில் குறித்த எடையை மழை நாளில் ஒப்பிட்டால் கணக்கு தவறும். அன்று காற்றே டர்க்கித் துண்டுக்கு இருபது கிராம் அளவுக்கு ஈரத்தைக் கொடுத்திருக்கும்.